கமென்ட்டில் வரும் கேள்வி எப்போது புதிய தலைப்பாகும், எப்போது டிஸ்கிரிப்ஷனில் ஒரு வரியாகும்?

யூடியூபில் பாடம் நடத்தும் சேனல்களுக்கு அடிக்கடி கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: "கமென்ட்டைப் படியுங்கள், அடுத்த வீடியோ அதிலேயே இருக்கிறது." அறிவுரை சரிதான். ஆனால் நானூறு கமென்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எதை எடுப்பது, எதை விடுவது, எடுத்ததை எங்கே வைப்பது என்று அது சொல்வதில்லை. அதனால் பலரும் லைக் அதிகம் வாங்கிய கேள்வியை அப்படியே தலைப்பாக்கிவிடுகிறார்கள். அல்லது இருபது கேள்விகளை டிஸ்கிரிப்ஷனில் கொட்டிவிடுகிறார்கள். இரண்டும் பெரும்பாலும் வீணாகும். காரணம் எளிது. கமென்ட்டில் வரும் எல்லாக் கேள்வியும் ஒரே வகை அல்ல.

முழு வேலையையும் ஒரே எடுத்துக்காட்டில் பார்ப்போம். அட்டவணையில் ஒரு பெயரைத் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத்தரும் எக்செல் ஃபார்முலாவான `VLOOKUP`ஐச் சொல்லித்தரும் 12 நிமிட வீடியோ ஒன்று இருக்கிறது, அதற்கு 400 கமென்ட் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்ணிக்கைகள் விளக்கத்துக்காக அமைத்தவை. ஃபார்முலாக்களும் யூடியூபின் வரம்புகளும் உள்ளபடியே தரப்பட்டவை.

## கேள்விகளில் மூன்று வகை

முதல் வகை, வீடியோவிலேயே பதில் இருந்தும் கேட்கப்படும் கேள்வி. "அந்த FALSE எதுக்கு போடுறீங்க?" என்று ஒருவர் கேட்கிறார், 6:40-ல் அது விளக்கப்பட்டிருக்கிறது. இவர் கவனிக்கவில்லை என்று தள்ளிவிடலாம். ஆனால் பதினேழு பேர் அதையே கேட்டால், குறை வீடியோவின் பக்கம்தான். விளக்கம் தாமதமாக வந்திருக்கிறது, அல்லது வேகமாகப் போயிருக்கிறது. இதற்குப் புதிய வீடியோ தேவையில்லை. இந்த வீடியோவின் டிஸ்கிரிப்ஷனிலேயே சரிசெய்ய வேண்டியது இது.

இரண்டாம் வகை, வீடியோவின் ஓரத்தில் நிற்கும் கேள்வி. "இது கூகுள் ஷீட்ஸ்ல வருமா?" என்பதற்கு ஒரு வரிப் பதில் போதும்: வரும், அதே ஃபார்முலா. இதற்காகத் தனி வீடியோ எடுத்தால் இருபது விநாடியில் விஷயம் முடிந்துவிடும், மீதி நேரம் இழுவையாக இருக்கும்.

மூன்றாம் வகை, வீடியோவைப் பார்த்து, செய்துபார்த்து, நடுவில் மாட்டிக்கொண்டவர் எழுதுவது. "எல்லாம் சரியாத்தான் போட்டேன், N/A-ன்னே வருது." N/A என்பது தேடியது கிடைக்கவில்லை என்று எக்செல் காட்டும் பிழை. அந்தக் கமென்ட்டில் கேள்விக்குறி இல்லை, "எப்படி", "ஏன்" எதுவும் இல்லை. ஆனால் புதிய தலைப்புக்குரிய சரக்கு பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றையும் திரையில் காட்டித்தான் தீர்க்க முடியும், மாட்டிக்கொண்டவர் தேடும் சொல்லும் அதிலேயே இருக்கிறது.

ஆகவே ஒரு கேள்வியைப் பார்த்ததும் முடிவெடுக்க வேண்டியது இதைத்தான்: இரண்டு வாக்கியத்தில் எழுதினால் கேட்டவரின் வேலை முடிந்துவிடுமா? முடியும் என்றால் அது டிஸ்கிரிப்ஷனுக்குப் போகும். முடியாது, "உங்களுக்கு எந்த மாதிரி வருகிறது?" என்று திருப்பிக் கேட்டாக வேண்டும் என்றால் அது புதிய வீடியோவுக்குரியது. எத்தனை பேர் கேட்டார்கள் என்பது இதற்கு அடுத்துத்தான் வரும்.

## கமென்ட்டை முழுதாக எடுப்பது

சில நூறு கமென்ட் வரை இருந்தால் யூடியூப் ஸ்டூடியோவின் கமென்ட் பக்கமே போதும். அங்கே வடிகட்டியில் `Contains questions` என்று ஒன்று இருக்கிறது. தொடங்குவதற்கு அது உதவும், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. மேலே சொன்ன மூன்றாம் வகைக் கருத்துகள் கேள்வி வடிவத்திலேயே இருப்பதில்லை. அதோடு, தமிழர்கள் கமென்ட் எழுதும் விதம் வேறு. ஒரே கேள்வியை ஒருவர் "எப்படி" என்பார், இன்னொருவர் "எப்டி", மூன்றாமவர் `epdi`, நான்காமவர் `yeppadi`. நிறுத்தற்குறி போடுபவர்கள் குறைவு.

பல வீடியோக்கள், ஆயிரக்கணக்கில் கமென்ட் என்றால் யூடியூப் டேட்டா ஏபிஐ மூலம் இறக்கிக்கொள்வது நல்லது. ஒரு அழைப்பில் அதிகபட்சம் 100 கமென்ட் வரும். அதற்கு ஒதுக்கீட்டில் 1 அலகு செலவாகும். ஒரு திட்டத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் அன்றாட ஒதுக்கீடு 10,000 அலகுகள் என்பதால், இந்த வேலைக்கு அது தாராளம்.

```
curl -s "https://www.googleapis.com/youtube/v3/commentThreads?part=snippet&videoId=VIDEO_ID&maxResults=100&order=time&textFormat=plainText&key=API_KEY" > p1.json

jq -r '.items[].snippet | [.topLevelComment.snippet.publishedAt, .topLevelComment.snippet.likeCount, .totalReplyCount, .topLevelComment.snippet.textDisplay] | @tsv' p1.json > c.tsv
```

விடையில் `nextPageToken` இருந்தால், அடுத்த அழைப்பில் அதை `pageToken` ஆகக் கொடுத்துத் தொடர வேண்டும். கிடைக்கும் கோப்பில் தேதி, லைக், பதில்களின் எண்ணிக்கை, கமென்ட் ஆகிய நான்கு பத்திகள் இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று.

1. `order=time` என்றே கேளுங்கள். `relevance` என்று கேட்டால் யூடியூப் முக்கியம் என்று கருதும் வரிசை வரும். பழைய, லைக் வாங்கிய கமென்ட்டுகள் மேலே நின்றுகொண்டு, போன வாரம் வந்த புதுச் சிக்கலை மறைத்துவிடும்.

2. மேலே உள்ள அழைப்பு முதல்நிலைக் கமென்ட்டை மட்டும் தருகிறது. `part` இல் `replies` சேர்த்தாலும் எல்லாப் பதில்களும் வரும் என்ற உறுதி இல்லை. பதில் அதிகமாக உள்ள கமென்ட்டுகளுக்கு `comments.list` அழைப்பில் `parentId` கொடுத்துத் தனியாக எடுக்க வேண்டும். இதைத் தவிர்க்காதீர்கள். "எனக்கும் இதே பிரச்சனை", "நான் ஸ்பேஸை எடுத்தேன், சரியாயிடுச்சு" என்பவை எல்லாம் பதில்களுக்குள்தான் கிடக்கும். கேள்வியின் காரணத்தைப் பார்வையாளர்களே கண்டுபிடித்து எழுதியிருப்பார்கள்.

3. மேலே உள்ள `jq` கட்டளை, கமென்ட் எழுதியவர் பெயரை எடுக்கவில்லை, வேண்டுமென்றே. ஏபிஐ வழியாக எடுத்த தரவைப் புதுப்பிக்காமல் 30 நாட்களுக்கு மேல் வைத்திருக்க யூடியூபின் கொள்கை அனுமதிப்பதில்லை. நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டியது உங்கள் சொந்தக் குறிப்பை மட்டுமே: இன்ன கேள்வி, இத்தனை பேர், இந்த மாதம். ஒருவரே பலமுறை கேட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டுமானால் ஸ்டூடியோவில் அந்தக் கமென்ட்டைத் திறந்தே பார்த்துவிடலாம்.

## வடிகட்டுவதில் தமிழுக்கென உள்ள சிக்கல்

கோப்பை கூகுள் ஷீட்ஸில் ஏற்றி, கமென்ட் D பத்தியில் இருக்கிறது என்றால், கேள்வி போலத் தெரிபவற்றைப் பிரிக்க இப்படி ஒரு ஃபார்முலா போடலாம்:

```
=REGEXMATCH(LOWER(D2),"\?|எப்|ஏன்|எவ்|எந்த|என்ன|மா($|[\s?.,!])|\by?ep+a?di\b|uma\b")
```

தமிழில் கேள்வி பெரும்பாலும் சொல்லின் கடைசியில் உட்கார்ந்திருக்கும்: வருமா, முடியுமா, போதுமா, செய்யலாமா. அதனால்தான் `மா` என்ற முடிவைத் தேடுகிறோம். இந்த இடத்தில் பலர் `மா\b` என்று எழுதிவிட்டு, ஒன்றும் சிக்கவில்லையே என்று குழம்புவார்கள். ஷீட்ஸ் பயன்படுத்தும் தேடல் முறையில் `\b` என்ற சொல்லெல்லைக் குறி ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லாகக் கருதும். தமிழ் எழுத்துக்குப் பின்னால் இடைவெளி வந்தால் அதை எல்லையாகப் பார்க்காது. அதனால் தமிழுக்கு `($|[\s?.,!])` என்று எல்லையை நாமே எழுத வேண்டியிருக்கிறது. `epdi`, `varuma` போன்றவற்றுக்கு `\b` சரியாக வேலை செய்யும். "அம்மா", "சினிமா" போன்றவையும் கூடவே சிக்கும், கண்ணால் நீக்கிவிடலாம்.

அடுத்த பத்தியில் மாட்டிக்கொண்டவர்களைத் தேடுங்கள்:

```
=REGEXMATCH(LOWER(D2),"வரல|வரவில்லை|வரமாட்|புரியல|எடுக்கல|தப்ப|n/a|varala|puriyala|error|doubt|problem")
```

என் கணிப்பில் இரண்டில் இதுவே பயனுள்ள பத்தி. முதல் ஃபார்முலாவை ஸ்டூடியோ வடிகட்டி ஓரளவு செய்துவிடும், இரண்டாவதை யாரும் செய்துதர மாட்டார்கள்.

இரண்டு பத்திகளிலும் சிக்காதவற்றில் ஐம்பதை எடுத்துப் படித்துப் பாருங்கள். அதில் ஐந்தாறு கேள்விகள் தப்பியிருந்தால், அவற்றில் வரும் சொற்களை ஃபார்முலாவில் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். உங்கள் துறைக்கென்று சில சொற்கள் இருக்கும்; முதல் முறையே எல்லாம் பிடிபடாது.

## எண்ணுவது எதை?

நம் எடுத்துக்காட்டு வீடியோவில் 400 கமென்ட்டிலிருந்து 150 வரை தேறுகின்றன. அவற்றைச் சொல்லை வைத்துப் பிரிக்காமல், ஒரே பதிலால் தீருமா என்று பார்த்துக் குழுவாகப் பிரிக்க வேண்டும். "N/A வருது", "பேர் கரெக்டா இருந்தும் எடுக்கல", `value varala bro` ஆகிய மூன்றிலும் பொதுச்சொல் ஒன்றுகூட இல்லை, ஆனால் ஒரே குழு. மாறாக "FALSE எதுக்கு?" என்பதும் "FALSE போட்டா தப்பு வருது" என்பதும் சொல்லால் ஒன்று, பதிலால் வேறு.

பிரித்தபின் கிடைப்பது இது:

1. பெயர் சரியாக இருந்தும் N/A வருகிறது: 41 பேர்
2. ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் விடை தப்பாகிறது: 22 பேர்
3. கூகுள் ஷீட்ஸில் வேலை செய்யுமா: 19 பேர்
4. FALSE எதற்கு: 17 பேர்
5. ஒரே பெயர் இரண்டு முறை இருந்தால் என்ன ஆகும்: 14 பேர்
6. இடது பக்கத்துப் பத்தியிலிருந்து எடுக்க முடியுமா: 11 பேர்

எண்ணும்போது கமென்ட்டை எண்ணாமல் ஆட்களை எண்ணுங்கள். பதில் கிடைக்காத ஒருவர் அதே கேள்வியை நான்கு முறை போட்டிருப்பார். லைக்கைத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம், கூட்டலில் சேர்க்க வேண்டாம். முதல் நாளில் கேட்கப்பட்ட கேள்வி மேலேயே நிற்பதால் லைக் சேர்ந்துகொண்டே போகும். அதே கேள்வியைப் பின்னால் கேட்பவர்கள் தனியாக எழுதாமல் அதற்கு லைக் போட்டுவிட்டுப் போவதும் உண்டு என்பதால், லைக்கைப் புறக்கணிக்கவும் கூடாது.

தேதியும் பேசும். மொத்த எண்ணிக்கையோடு கடைசி 90 நாட்களின் எண்ணிக்கையை வைத்துப் பாருங்கள். இரண்டு வருடமாக இல்லாத கேள்வி இந்த மூன்று மாதத்தில் எட்டு முறை வந்திருந்தால், பெரும்பாலும் மென்பொருளில் ஏதோ மாறியிருக்கிறது. நீங்கள் காட்டிய பொத்தான் இப்போது வேறு இடத்தில் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. வீடியோவின் முடிவில் "அடுத்து எதைப் பற்றி வேண்டும், கமென்ட்டில் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால், அதற்கு வரும் பதில்கள் விருப்பங்கள். கேட்டதற்காகச் சொன்னவை அவை. தானாக வந்து "இங்கே மாட்டிக்கொண்டேன்" என்று எழுதியவரின் ஒரு வரிக்கு அவற்றைவிட எடை அதிகம். அவற்றைத் தனித் தாளில் வையுங்கள்.

## கேள்வியைத் தலைப்பாக்குவது

முதல் குழுவை எடுப்போம். 41 பேரின் கருத்துகளையும் அவற்றின் பதில்களையும் படித்தால் மூன்று காரணங்கள் பிரிந்து தெரியும். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கிறது. ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் அதே எண் எழுத்தாகவும் சேமிக்கப்பட்டிருக்கிறது. தேடும் பெயர் உள்ள பத்தி, தேர்ந்தெடுத்த அட்டவணையின் முதல் பத்தியாக இல்லை. இரண்டு வாக்கியத்தில் இது முடியாது. கேட்டவருக்குத் தன் சிக்கல் மூன்றில் எது என்றே தெரியாது. ஆகவே புதிய வீடியோ.

தலைப்பு வைக்கும்போது பாடம் நடத்துபவருக்கு வரும் இயல்பான ஆசை, காரணத்தைத் தலைப்பில் வைப்பது: "`TRIM` மூலம் கூடுதல் இடைவெளிகளை நீக்குதல்." அந்தத் தலைப்பைத் தேடுபவருக்குக் காரணம் ஏற்கெனவே தெரியும், அவருக்கு இந்த வீடியோ அவ்வளவாகத் தேவையில்லை. மாட்டிக்கொண்டவருக்குத் தெரிந்தது அறிகுறி மட்டும்தான். அவர் எழுதிய சொல்லிலேயே தலைப்பு தொடங்க வேண்டும்:

VLOOKUP-ல் N/A வருகிறதா? பெயர் சரியாக இருந்தும் விடை வராததற்கு 3 காரணங்கள்

இந்தத் தலைப்பில் மூன்று விஷயங்கள் தெரிந்தே செய்யப்பட்டவை.

முதலாவது, எக்செல் திரையில் பிழை `#N/A` என்றுதான் வரும். ஆனால் யூடியூப் தலைப்பிலும் டிஸ்கிரிப்ஷனிலும் `#` போட்டால் அதை ஒட்டி வருவது ஹேஷ்டேக்காக மாறிவிடக்கூடும். அதனால் குறியை விட்டுவிட்டோம்.

இரண்டாவது, நீளம். தலைப்புக்கு யூடியூப் வைத்திருக்கும் வரம்பு 100 எழுத்துக்குறிகள். தமிழில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும்: "கி" என்பது இரண்டு, "ங்கள்" என்பது ஐந்து. மேலே உள்ள தலைப்பு அந்தக் கணக்கில் 74. வரம்புக்குள் அடங்கினாலும், பட்டியலிலும் மொபைலிலும் தலைப்பின் பின்பாதி வெட்டுப்படும். எனவே அறிகுறியும் கருவியின் பெயரும் முன்பாதியில் வந்தாக வேண்டும்.

மூன்றாவது, தலைப்பு தனியாக நிற்கிறது. இதில்தான் கமென்ட்டை அப்படியே தலைப்பாக்குபவர்கள் சறுக்குகிறார்கள். கமென்ட் எழுதுபவர் ஏற்கெனவே வீடியோவுக்குள் இருக்கிறார். "இதை வேற ஷீட்ல இருந்து எடுக்க முடியுமா?" என்கிறார். "இது" எது, "எடுப்பது" எதை என்பதெல்லாம் அந்த வீடியோ கொடுத்த பின்னணி. தேடல் பெட்டியில் எழுதுபவருக்கு அந்தப் பின்னணி கிடையாது. ஆகவே கமென்ட்டில் உள்ள ஒவ்வொரு சுட்டுச்சொல்லையும் பெயர்ச்சொல்லால் நிரப்பிப் பார்க்க வேண்டும்: "வேறு ஷீட்டில் உள்ள விலையை VLOOKUP மூலம் எடுப்பது எப்படி?" நிரப்பிய பின்பும் அது யாராவது தேடக்கூடிய வாக்கியமாக ஒலித்தால் எடுத்துக்கொள்ளலாம். நிரப்ப நிரப்பச் சிக்கலாகிக்கொண்டே போனால், அந்தக் கேள்வி அந்த வீடியோவோடு ஒட்டிப் பிறந்தது. அதன் இடம் டிஸ்கிரிப்ஷன்தான்.

எழுதும் முன் இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும். கமென்ட் போடுபவர்கள் உங்களை ஏற்கெனவே கண்டுபிடித்தவர்கள். வெளியே தேடுபவர்கள் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு அது சாட்சி அல்ல. ஸ்டூடியோவின் அனலிட்டிக்ஸில், பார்வையாளர் எங்கிருந்து வந்தார் என்ற பகுதியில் யூடியூப் தேடல் என்பதைத் திறந்தால், அவர்கள் தட்டிய சொற்கள் வரும். அங்கே `vlookup na error` போன்ற ஒன்று இருந்தால் உங்கள் குழுவுக்கு வெளியிலும் ஆள் இருக்கிறார்கள் என்று பொருள். பிறகு உள்நுழையாத உலாவியில், தலைப்பின் முதல் இரண்டு மூன்று சொற்களைத் தமிழிலும் ரோமன் எழுத்திலும் தட்டி, யூடியூப் எதைப் பரிந்துரைக்கிறது என்று பாருங்கள். பரிந்துரைகள் ரோமன் எழுத்தில்தான் வருகின்றன என்றால், கருவியின் பெயரையும் பிழையின் பெயரையும் தலைப்பில் ஆங்கில எழுத்திலேயே விடுவது நல்லது. மேலே உள்ள தலைப்பில் அப்படித்தான் விட்டிருக்கிறோம்.

ஐந்தாம், ஆறாம் குழுக்களும் வீடியோவுக்குரியவையே. இடது பக்கத்திலிருந்து எடுக்க `VLOOKUP`ஆல் நேரடியாக முடியாது. `XLOOKUP` அல்லது `INDEX`, `MATCH` இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். `XLOOKUP` எக்செல் 2019-ல் இல்லை, 2021-லும் மைக்ரோசாஃப்ட் 365-லும் இருக்கிறது. யாரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. 11 பேர்தான் கேட்டார்கள் என்றாலும் இது 19 பேர் கேட்ட கூகுள் ஷீட்ஸ் கேள்வியைவிட வீடியோவுக்கு ஏற்றது. எண்ணிக்கை மட்டும் முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதுவே சான்று.

## டிஸ்கிரிப்ஷனில் கேள்வி-பதில்

இரண்டாம், மூன்றாம், நான்காம் குழுக்கள் இங்கே வருகின்றன. ஒவ்வொன்றும் பார்வையாளரின் சொல்லில் ஒரு கேள்வி, அதன் கீழே ஒன்றிரண்டு வாக்கியத்தில் பதில், தேவையானால் ஒரு இணைப்பு. இப்படி:

```
கேள்வி: ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் விடை தப்பாக வருவது ஏன்?
பதில்: அட்டவணையின் முகவரியும் கூடவே கீழே நகர்ந்துவிடுகிறது.
A2:C100 என்பதை $A$2:$C$100 என்று எழுதிப் பூட்டுங்கள்.
செய்து காட்டிய இடம்: https://youtu.be/VIDEO_ID?t=495

கேள்வி: கடைசியில் FALSE எதற்கு?
பதில்: முழுதும் பொருந்தும் பெயரை மட்டும் எடுக்க. அதை விட்டுவிட்டால்
தோராயமான பொருத்தத்தை எடுத்து, தப்பான விடை தரலாம்.
```

பதிலின் முதல் வாக்கியத்திலேயே விடை வந்துவிடுகிறது. "இந்தக் கேள்விக்கான பதிலை இந்த வீடியோவில் பாருங்கள்" என்று மட்டும் எழுதி இணைப்பைக் கொடுப்பது பதில் ஆகாது. ஐந்தாம் குழுவின் கேள்விக்கும் இங்கே ஒரு வரி தரலாம்: `VLOOKUP` முதலில் கிடைக்கும் பெயரை மட்டும் எடுக்கும், இரண்டாவதைத் தொடாது. எல்லாவற்றையும் எடுக்கும் முறைக்கான வீடியோ வந்ததும் அதன் கீழே இணைப்பைச் சேர்த்துவிடலாம். அதுவரை கேட்டவர் குறைந்தது தன் ஃபார்முலா ஏன் அப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வார்.

டிஸ்கிரிப்ஷனில் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

1. நேரக் குறி. வீடியோவை அத்தியாயங்களாகப் பிரிக்க, டிஸ்கிரிப்ஷனில் 00:00-ல் தொடங்கி, ஏறுவரிசையில் குறைந்தது மூன்று நேரங்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு அத்தியாயமும் 10 விநாடிக்குக் குறையக்கூடாது. கேள்வி-பதிலுக்குள் 8:15, 6:40 என்று வரிசை மாறி நேரம் எழுதினால் இந்த அமைப்பு குலைந்து, அத்தியாயங்கள் காணாமல் போகலாம். அதனால்தான் மேலே `?t=495` என்று விநாடிக் கணக்கில் இணைப்பாகக் கொடுத்தோம் (8 நிமிடம் 15 விநாடி, 495 விநாடி). சேமித்தபின் வீடியோவைத் திறந்து, அத்தியாயங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

2. இடம். வரம்பு 5000 என்று எல்லோருக்கும் தெரியும். ஏபிஐ ஆவணத்தில் அது 5000 பைட் என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட், தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். எட்டு எழுத்துக்குறிகள் கொண்ட ஒரு தமிழ்ச் சொல், பின்வரும் இடைவெளியோடு 25 பைட் ஆகும். அந்தக் கணக்கில் முழு டிஸ்கிரிப்ஷனும் சுமார் 200 சொற்கள்தான். நிரல் வழியாக டிஸ்கிரிப்ஷனைப் புதுப்பிப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். கையால் ஸ்டூடியோவில் எழுதுபவர்களும் அறிமுகம், அத்தியாயங்கள், இணைப்புகள் எல்லாம் போக நான்கைந்து கேள்விகளுக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. பட்டியல் நீண்டால் தன் கேள்வி அதில் இருக்கிறதா என்று யாரும் தேட மாட்டார்கள்.

3. கோணக் குறிகள். `<`, `>` இரண்டையும் தலைப்பிலும் டிஸ்கிரிப்ஷனிலும் யூடியூப் ஏற்காது. `=IF(B2>0,...)` போன்ற ஃபார்முலாவை அங்கே ஒட்ட முடியாது. அத்தகைய பதிலை, பட்டியலின் உச்சியிலேயே நிற்கும்படி பின் செய்த கமென்ட்டில் தரலாம்.

4. வரிசை. டிஸ்கிரிப்ஷனைத் திறக்காமலேயே தெரிவது முதல் ஓரிரு வரிகள்தான். கேள்வி-பதிலை அங்கே தொடங்க வேண்டாம். வீடியோ எதைப் பற்றியது என்பதற்கே அந்த இடம். அதன் பின் அத்தியாயங்கள், அதன் பின் கேள்வி-பதில். மிக அதிகம் பேர் கேட்ட ஒரே ஒரு கேள்வியின் பதிலை மட்டும் கமென்ட்டில் எழுதிப் பின் செய்யுங்கள். ஒரு வீடியோவில் ஒரு கமென்ட்டைத்தான் பின் செய்ய முடியும், அதனால் தேர்வு தேவை. நம் எடுத்துக்காட்டில் புதிய N/A வீடியோவின் இணைப்போடு முதல் குழுவின் பதில் அந்த இடத்துக்கு வரும்.

இணையத்தில் பரவியிருக்கும் ஒரு குழப்பத்தையும் இங்கே தெளிவாக்கிவிடலாம். "கேள்வி-பதில் வைத்தால் கூகுள் தேடலில் விரியும் பெட்டியாகக் காட்டும்" என்பது வலைப்பக்கங்களுக்கான `FAQPage` என்ற குறியீட்டைப் பற்றியது. யூடியூப் டிஸ்கிரிப்ஷனில் அந்தக் குறியீட்டைச் சேர்க்க வழியே இல்லை. வலைப்பக்கங்களிலும், 2023 ஆகஸ்டில் கூகுள் அந்தக் காட்சியைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. டிஸ்கிரிப்ஷனில் எழுதுவதற்குக் காரணம், வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அங்கேயே பதில் கிடைக்க வேண்டும் என்பது மட்டுமே.

## வேலை செய்ததா என்று பார்ப்பது

டிஸ்கிரிப்ஷனை மாற்றிய தேதியைக் குறித்து வையுங்கள். மாற்றுவதற்கு முந்தைய 90 நாட்களில் வீடியோவுக்கு 20,000 வியூஸ், அந்தக் காலத்தில் இரண்டாம் குழுவின் கேள்வியைக் கேட்டவர்கள் 8 பேர் என்றால், 10,000 வியூஸுக்கு 4 பேர். அடுத்த 90 நாட்களில் 15,000 வியூஸ், 3 பேர் என்றால், 10,000-க்கு 2. இப்படி வியூஸால் வகுத்துப் பார்க்காவிட்டால், வியூஸ் குறைந்ததால் கேள்வி குறைந்ததைப் பதிலின் பலன் என்று எண்ணிவிடுவோம். எண்கள் இவ்வளவு சிறிதாக இருக்கும்போது ஒன்றிரண்டு பேர் கூடுவதிலும் குறைவதிலும் பொருள் தேட வேண்டாம். பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்து, அடுத்த 90 நாட்களிலும் அப்படியே நின்றால் பதில் எட்டியிருக்கிறது என்று கொள்ளலாம்.

குறையவே இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பதில் யாருடைய கண்ணிலும் படவில்லை, அல்லது பதில் கேள்விக்குப் பொருந்தவில்லை. முன்னதாக இருந்தால் அதைப் பின் செய்த கமென்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பின்னதைக் கண்டுபிடிக்க, பதில் வைத்த பிறகு வந்த கேள்விகளை மட்டும் எடுத்துப் படியுங்கள். "டாலர் போட்டும் தப்பா வருது" என்று யாராவது எழுதியிருந்தால், ஒரு குழு என்று நினைத்தது உண்மையில் இரண்டு. இழுக்கும்போது தேடும் பெயரின் முகவரியையும் சேர்த்துப் பூட்டிவிட்டிருப்பார்கள்: `E2` என்று விட வேண்டியதை `$E$2` ஆக்கியிருப்பார்கள், அதனால் எல்லா வரியிலும் ஒரே விடை வரும். பதிலில் "தேடும் பெயரின் முகவரியைப் பூட்ட வேண்டாம்" என்று ஒரு வாக்கியம் கூட்டினால் போதும்.

புதிய வீடியோவை அளக்கும் முறை வேறு. அதன் வியூஸ் பழைய வீடியோவின் இணைப்பிலிருந்து மட்டும் வருகிறதா, யூடியூப் தேடலிலிருந்தும் வருகிறதா என்று பாருங்கள். இணைப்பிலிருந்து மட்டும் என்றால் கேள்வி உண்மையானது, ஆனால் வெளியே யாரும் அந்தச் சொற்களில் தேடவில்லை; தேடல் சொற்கள் பட்டியலைப் பார்த்துத் தலைப்பின் முன்பாதியை மாற்றலாம். தேடலிலிருந்து வந்தவர்கள் முதல் அரை நிமிடத்தில் கூட்டமாக வெளியேறினால், தலைப்பு அறிகுறியைச் சொல்லியும் வீடியோ அறிமுகத்தில் நேரம் கடத்துகிறது என்று பொருள். N/A என்று தேடி வந்தவருக்கு, முதல் இருபது விநாடிக்குள் அந்தப் பிழை திரையில் தெரிய வேண்டும். அந்த வீடியோவுக்கும் கமென்ட் வரத் தொடங்கியதும், முதல் 30 கமென்ட்டை மேலே சொன்ன இரண்டாவது ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள். "மூணு காரணமும் இல்ல, இன்னும் வரல" என்பவர்கள் நாலைந்து பேர் இருந்தால் நான்காவது காரணம் ஒன்று விடுபட்டிருக்கிறது. இந்தப் பிழையில் அது பெரும்பாலும் வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய தரவில் வரும், சாதாரண இடைவெளி போலவே தெரியும் உடையா இடைவெளி. `TRIM` அதை நீக்காது. `SUBSTITUTE(A2,CHAR(160),"")` என்று எழுதினால்தான் போகும். அது இரண்டு வாக்கியத்தில் அடங்குகிறது, ஆகவே அதன் இடம் அந்த வீடியோவின் டிஸ்கிரிப்ஷன்.